எண்பத்தைந்து விழுக்காடு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், காசிமேட்டு விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும். மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதங்களில் கல்மண்டபத்துக் கடைத்தெருவில் மீனைவிட நகைதான் அதிகம் கைமாறுகிறது என்று இங்கே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மிகைதான். ஆனால் வருமானம் நின்றுபோன வீட்டில் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் வலை பழுதுபார்ப்புக்கும் முதலில் நினைவுக்கு வருவது கழுத்தில் கிடப்பது என்பதில் மிகை ஒன்றுமில்லை.

2025-ஆம் ஆண்டு தடைக்காலம் தொடங்குவதற்கு ஆறு நாள் முன்னதாக, ஏப்ரல் 9 அன்று, தங்க நகைக்கடன் பற்றிய புதிய நெறிமுறைகளின் வரைவை ரிசர்வ் வங்கி வெளியிட்டது. அடுத்த சில வாரங்களில் அது செய்தியாகி, தலைப்பாகி, கைப்பேசிகளில் சுற்றும் இரண்டு வரித் தகவலாகச் சுருங்கி எங்கள் தெருவுக்கு வந்துசேர்ந்தபோது இப்படி ஆகியிருந்தது: "பில் இல்லாத நகைக்கு இனி வங்கியில் கடன் கிடையாது."

நாங்கள் மூன்று பேர். கதையும் கவிதையும் நூல் அறிமுகமுமாக நான்கு பக்கத் தாள் ஒன்றை நகலெடுத்து வட்டாரத்தில் கொடுத்துவருகிறோம். நூறு பேர் படித்தால் அதிகம். பொருளாதாரம் எழுதும் உத்தேசம் எங்களுக்கு ஒருபோதும் இருந்ததில்லை. எழுத வைத்தவர் கூடையில் மீன் விற்கும் ஒரு அக்கா. தாளை வாங்குவார், அவர் மகள் படித்துக்காட்டுவாள். மே மாதத்தில் ஒருநாள் கேட்டார்: "தம்பி, பில்லு இல்லாத நகைய பேங்குல வாங்க மாட்டாங்களாமே. எங்கம்மா போட்ட சங்கிலிக்கு நா எங்க போயி பில்லு தேடுவேன்? இப்பவே வித்துட்டா தேவலையா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் எங்களை உட்காரவைத்தது. செய்தியைப் படித்துவிட்டு ஒருவர் தவறாக நினைத்துக்கொள்வது வேறு. தாய் போட்ட சங்கிலியை விற்றுவிடுவது வேறு. பிறகு செய்தி மாறினாலும் சங்கிலி திரும்பி வராது. அவரிடம், "பொறுங்கக்கா, மூலத்தைப் பார்த்துட்டுச் சொல்றோம்" என்றோம். அதுவரை எதையும் சொல்லவில்லை.

மூலம் என்பது இங்கே rbi.org.in தளத்தில் கிடக்கும் ஆங்கில ஆவணம். அதைத் திறந்ததும் கண்ணில் பட்டது தலைப்பிலேயே இருந்த Draft என்ற சொல். வரைவு. கருத்துச் சொல்லுங்கள் என்று பொதுமக்கள் முன் வைக்கப்பட்ட ஒன்று. அது எவரையும் கட்டுப்படுத்தாது. பழந்தமிழ் நூல்களின் பாடபேதத்தில் பழகியவர்களுக்கு இது புதிதன்று. எந்தச் சுவடி, எந்தப் பதிப்பு என்று கேட்காமல் ஒரு வரியையும் நாம் எடுத்தாள்வதில்லை. பணம் பற்றிய வரிக்கு மட்டும் அந்தக் கேள்வியை ஏன் கேட்காமல் விடுகிறோம் என்பது விளங்கவில்லை.

அடுத்து, பில் பற்றிய பத்தியைத் தேடினோம். உரிமையில் ஐயம் இருக்கும் நகைக்குக் கடன் கொடுக்கக்கூடாது, உரிமையைச் சரிபார்த்த பதிவு இருக்கவேண்டும் என்று அந்த வரைவு சொல்லியது உண்மை. ஆனால் அதற்கு அடுத்த வாக்கியத்திலேயே, வாங்கிய ரசீது இல்லாவிட்டால் உரிமை எவ்வாறு தீர்மானிக்கப்பட்டது என்பதை விளக்கும் தகுந்த ஆவணமோ உறுதிமொழியோ வேண்டும் என்றும் இருந்தது. அதாவது பில் கட்டாயம் என்று வரைவுகூடச் சொல்லவில்லை. முதல் வாக்கியம் செய்தியாகிவிட்டது, இரண்டாவது வாக்கியம் வழியில் உதிர்ந்துவிட்டது. முழுப்பொய்யை எவரேனும் மறுத்துவிடுவார்கள். நிபந்தனை உதிர்ந்த உண்மையை மறுக்க ஆள் கிடைப்பதில்லை, ஏனென்றால் ஆவணத்தைத் திறந்தால் பாதி அங்கே இருக்கவே செய்கிறது.

அக்காவிடம் அன்றே போய்ச் சொன்னோம், இவ்வளவு மட்டும்: இது இன்னும் சட்டமாகவில்லை, வரைவிலும் பில்லுக்குப் பதிலாக உறுதிமொழிக்கு இடமிருக்கிறது, இறுதி ஆணை வந்ததும் சொல்கிறோம். விற்கவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது அவருடைய முடிவு. அவர் கேள்வியில் இருந்த தவறான காரணத்தை மட்டும் எடுத்துவிட்டோம்.

மே மாதக் கடைசியில் எண்கள் பெருகின. வரைவை எதிர்த்துத் தமிழக முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் ஒன்றிய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். மே 30 அன்று நிதியமைச்சகம், 2 லட்சம் ரூபாய் வரையிலான சிறுகடன்காரர்களுக்கு இதிலிருந்து விலக்களிக்கலாம் என்று ரிசர்வ் வங்கிக்குப் பரிந்துரைத்திருப்பதாக அறிவித்தது. மறுநாளே "2 லட்சம் வரை விலக்கு" என்று முடிந்த செய்தியாக அது எங்கள் டீக்கடையில் உலவியது. பரிந்துரை வேறு, ஆணை வேறு. ஜூன் 6 அன்று ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா செய்தியாளர்களிடம் பேசுகையில் 85 விழுக்காடு என்ற எண்ணைச் சொன்னார். அன்றே இறுதி ஆணையும் வெளிவந்தது. அதன் தலைப்பில் தங்கத்தோடு வெள்ளியும் சேர்ந்திருந்தது. வரைவையும் இறுதி ஆணையையும் பிரித்தறிய இந்தத் தலைப்பே போதும்: வெள்ளி இல்லாத தலைப்பைக் காட்டி எவரேனும் வாதிட்டால் அவர் கையில் இருப்பது ஏப்ரல் மாதத்து வரைவு.

இறுதி ஆணையில் உரிமை பற்றிய விதி இன்னும் தெளிவாக இருந்தது. ஐயத்துக்குரிய நகைக்குக் கடன் கூடாது. தானே உரியவர் என்பதற்குத் தகுந்த ஆவணமோ உறுதிமொழியோ கடன் பெறுபவரிடமிருந்து பெறவேண்டும். இது ஒரு புறம். மறுபுறம், இதுவரை எல்லோருக்கும் ஒன்றாக இருந்த 75 விழுக்காடு என்ற உச்சவரம்பு மூன்று படிகளாகியது. வீட்டுச் செலவு போன்ற நுகர்வுத் தேவைக்கான கடன் ஒருவருக்கு மொத்தம் 2.5 லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 85 விழுக்காடு, அதற்கு மேல் 5 லட்சம் வரை 80, அதற்கும் மேல் 75.

எங்கள் தாளுக்கு இதை எழுத உட்கார்ந்தோம். முறை ஒன்று வகுத்துக்கொண்டோம். ஒரு முழுத்தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் நாங்கள் எழுதும் வாக்கியம், வலப்பக்கம் அது ஆணையின் எந்தப் பத்தியிலிருந்து வருகிறது என்ற எண். வலப்பக்கம் காலியாக இருக்கும் எந்த வாக்கியமும் அச்சுக்குப் போகாது. செய்தித்தாளை வலப்பக்கத்தில் எழுதக்கூடாது. இது ஒரு நல்ல வாக்கியத்தைக்கூட இரக்கமின்றி வெட்டிவிடும் முறை. எங்களில் ஒருவர் அழகாக எழுதியிருந்த முன்னுரை முழுவதும் வலப்பக்கம் இல்லாததால் போய்விட்டது. (அவர் இன்னும் அதை மன்னிக்கவில்லை.)

பழைய நறுக்குகளை ஒதுக்கியதும் இந்த முறையால்தான். கைவசம் இருந்த கோப்பில் "நகை மதிப்பில் 90 விழுக்காடு வரை கடன்" என்ற செய்தி ஒன்று இருந்தது. பொய்யில்லை. கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்டில், ரிசர்வ் வங்கி அப்படி அனுமதித்தது. ஆனால் வங்கிகளுக்கு மட்டும், நகைக்கடன் நிறுவனங்களுக்கு அன்று. அதுவும் 2021 மார்ச் 31 வரை மட்டும். யாருக்கு, எதுவரை என்ற இரண்டும் இல்லாமல் அந்த 90 இன்னும் பலருடைய நினைவில் உயிரோடு இருக்கிறது. தேதி எழுதாத பணக் கட்டுரையின் கேடு இதுதான்: எழுதிய அன்று சரியாக இருந்த வரி நாலைந்து ஆண்டு கழித்து ஒருவரைக் கடைவாசலில் வாக்குவாதத்தில் கொண்டுநிறுத்தும்.

மடித்த தாளில் ஒரே ஒரு வாக்கியம் எங்களைத் தடுத்து நிறுத்தியது. "ஒரு லட்சம் ரூபாய் மதிப்புள்ள நகைக்கு 85,000 ரூபாய் கடன்." எல்லாச் செய்தியிலும் இருந்த வரி அது. கணக்கும் சரி. ஆனால் அதற்கு வலப்பக்கம் எழுதப் போனபோது ஒரு பத்திக்குப் பதில் இரண்டு பத்திகள் வந்தன. இரண்டாவது பத்தி சொன்னது இது: முதலும் வட்டியும் சேர்த்துக் கெடு முடிவில் ஒரே தடவையாகக் கட்டும் கடனாக இருந்தால், விழுக்காட்டைக் கணக்கிடும்போது கெடு முடிவில் கட்டவேண்டிய மொத்தத் தொகையை எடுத்துக்கொள்ளவேண்டும். புல்லட் கடன் என்று வங்கிக்காரர்கள் சொல்லும் இந்த வகைக்கு நுகர்வுக் கடனில் கெடு 12 மாதத்துக்கு மிகக்கூடாது. எங்கள் பகுதியில் வங்கிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வைப்பது இந்த வகையில்தான். மாதாமாதம் வட்டி கட்டுவது அன்றாடம் சம்பாதிப்பவருக்குக் கூடிவருவதில்லை.

கணக்குப் போட்டோம். நகை மதிப்பு 1,00,000. உச்சவரம்பு 85,000. வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஒரு வருடத்து வட்டியும் முதலும் சேர்ந்து 85,000-க்குள் அடங்கவேண்டும். ஆக 85,000-ஐ 1.12-ஆல் வகுக்க, கையில் கிடைக்கக்கூடியது ஏறத்தாழ 75,890 ரூபாய். வட்டி 18 விழுக்காடாக இருந்தால் 72,030 அளவில்தான் வரும். முன்பு 75 விழுக்காட்டை முதலுக்கு மட்டும் கணக்கிட்டு 75,000 கொடுத்துவந்த இடம் ஏதேனும் இருந்தால், அங்கே இந்த 18 விழுக்காட்டுக் கடன்காரருக்குக் கிடைக்கும் தொகை கூடவில்லை, குறைந்திருக்கிறது. தலைப்பில் 85 என்று படித்துவிட்டுப் போகிறவர் முன்பு கிடைத்ததைவிடக் குறைவாகப் பெற்றுக்கொண்டு திரும்பக்கூடும். ஏமாற்றிவிட்டார்கள் என்றும் நினைப்பார். பத்தாயிரம் ரூபாய் குறைந்தால் பள்ளிக்கூடக் கட்டணத்தில் பாதி குறைகிற வீடுகள் இவை.

ஆணை ஆங்கிலத்தில் சொல்வதும் நாங்கள் விளங்கிக்கொண்டதும் ஒன்றுதானா என்று தெரிந்தவர் பார்க்கவேண்டும் என்று தீர்மானித்தோம். தெரிந்தவர் யார் என்பதிலும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. நகைக்கடன் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் நண்பர் தானே முன்வந்தார். படித்துவிட்டு, ஏலம் பற்றிய பத்தியை முழுவதும் எடுத்துவிடச் சொன்னார். "அது படிக்கிறவங்கள பயமுறுத்தும்" என்பது அவர் காரணம். அன்பானவர், பொய் சொல்பவரல்லர். ஆனால் தன் கடைக்கு வருகிறவர் பயப்படக்கூடாது என்பது அவருடைய கவலை, எங்களுக்கு அது அளவுகோலாக முடியாது. நன்றி சொல்லி வேறு இருவரிடம் போனோம். ஒருவர் வங்கி ஒன்றில் கடன் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். இன்னொருவர் நகை மதிப்பீட்டாளர், முப்பது ஆண்டுக்கு மேலாக உரைகல்லோடு இருப்பவர்.

எப்படிக் கேட்பது என்பதில் பாதி வேலை அடங்கியிருந்தது. "சரியா இருக்கா சார்?" என்று நீட்டினால் நல்ல மனிதர் எவரும் "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். வாக்கியங்களுக்கு எண் போட்டு, ஆணையின் படியையும் இணைத்து, ஓரத்தில் எழுத இடம் விட்டுக் கொடுத்தோம். மூன்று கேள்விகள் கேட்டோம். இதில் எந்த வாக்கியம் ஆணைக்கு மாறானது? எந்த வாக்கியம் ஆணைக்குச் சரி, ஆனால் கவுண்டரில் வேறுவிதமாக நடக்கும்? எந்த வாக்கியத்தை நம்பி ஒருவர் தனக்குத் தீங்கான காரியம் எதையேனும் செய்துவிடக்கூடும்?

ஓய்வுபெற்றவரிடம் ஒன்றைக் கவனித்துக்கொண்டோம். அவர் பணியில் இருந்த காலத்தில் இந்த ஆணை இல்லை. எனவே விதியைப் பொறுத்தவரை அவரும் எங்களைப்போல் வாசகரே, எங்களைவிடப் பழகிய வாசகர். விதிக்குச் சாட்சி ஆணைதான். அவரைக் கேட்கவேண்டியது, அந்த விதி ஒரு கிளையில் எப்படி நடைமுறையாகும் என்பதை. அவர் தம் பழைய வங்கியில் நடந்த வழக்கத்தைச் சொன்ன இடங்களை வேறு நிற மையில் குறித்துக்கொண்டோம். ஒரு வங்கியின் வழக்கம் எல்லா வங்கிக்கும் விதியாகிவிடாது.

புல்லட் கணக்கை அவர் இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஆனால் வாக்கியத்தில் ஒரு சொல்லை அடித்தார். நாங்கள் பரிசீலித்துக்கொண்டிருந்த இரண்டு வடிவங்களில் ஒன்றில் "வாங்கலாம்" என்று இருந்தது, மற்றதில் "வரை கொடுக்க வங்கிக்கு அனுமதி உண்டு" என்று. "முதல்ல இருக்கறத எடுத்துடுங்க. வாங்கலாம்னு போட்டா அது உரிமை ஆயிடும். இது சீலிங்தான். அதுக்குக் கீழ எவ்வளவு வேணும்னாலும் பேங்க் முடிவு பண்ணலாம். கம்மியா குடுத்தா விதிமீறல் இல்ல." அவர் சொன்னதில் இன்னொன்றும் இருந்தது. வாசகரின் உண்மையான சிக்கல் எண்பத்தைந்தில் இல்லை, முந்நூற்றறுபத்தைந்தாவது நாளில் இருக்கிறது. கெடு முடிந்ததும் மூட்க முடியாதவர் அதே நகையைத் "திருப்பி வைப்பது" இங்கே வழக்கம். இறுதி ஆணைப்படி, புல்லட் கடனைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் அதுவரை சேர்ந்த வட்டியைக் கட்டியாகவேண்டும். "எங்க எழுதியிருக்கீங்க அத?" என்று கேட்டார். எழுதியிருந்தோம், நான்காம் பக்கத்தில் சிறிய எழுத்தில். அதைக் கணக்குக்கு அடுத்த வரியாகக் கொண்டுவரச் சொன்னார். 12 விழுக்காட்டில் 75,890 ரூபாய் வாங்கியவர் வருட முடிவில் ஏறத்தாழ 9,107 ரூபாய் கையில் வைத்திருந்தால்தான் மறுபடி வைக்கமுடியும். அந்த எண்ணையும் அச்சிட்டோம்.

மதிப்பீட்டாளர் ஆணையை விரித்தே பார்க்கவில்லை. "ஒரு லட்சம் மதிப்புள்ள நகை" என்ற சொற்றொடரில் விரலை வைத்தார். "தம்பி, மதிப்புன்னா யாரு மதிப்பு? கடைல பில்லு போட்ட மதிப்பா?" அங்கிருந்து அரைமணி நேரம் பாடம் நடந்தது. இரண்டு பவுன், அதாவது 16 கிராம் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளும் சங்கிலியில் பதக்கத்துக் கல்லும், உள்ளே அரக்கும் சேர்ந்து ஒரு கிராம் என்றால் மொத்த எடை 16, நிகர எடை 15. மதிப்புக் கணக்கு நிகர எடைக்குத்தான். கூலி, சேதாரம், வரி எதுவும் திரும்பி வராது. அடுத்து மாற்று. 22 காரட் என்று வாங்கிய பழைய நகை உரைகல்லில் 20 காரட்டாக நின்றால், விலையும் அந்த விகிதத்தில் இறங்கும்: 22-க்கு 20, பதினோரு பங்கில் பத்து. ஆணையும் இதையேதான் சொல்கிறது: நகையின் உண்மையான மாற்றுக்கு ஏற்ற விலை, கல், மணி சேராது. அந்த விலையும் அன்றைய கடைவிலை அன்று. கடந்த 30 நாள்களின் சராசரி முடிவு விலை, முந்தைய நாளின் முடிவு விலை, இந்த இரண்டில் எது குறைவோ அது. தங்கம் ஏறிக்கொண்டே போகும் மாதத்தில் சராசரி எப்போதும் பின்தங்கியே நிற்கும். "பேப்பர்ல இன்னிக்கு ரேட்டு பாத்துட்டு வந்து எங்கிட்ட சண்ட போடுவாங்க" என்று சிரித்தார்.

இதைக் கேட்டபின் ஒரு முடிவு எளிதாயிற்று. கட்டுரையில் தங்கத்தின் விலையை எங்கும் எழுதுவதில்லை. பவுன் கணக்கில் எடுத்துக்காட்டுச் சொன்னால் வாசகருக்கு உடனே பிடிபடும் என்பது மெய்தான். ஆனால் விலை எழுதிய மறுவாரமே கட்டுரை பொய்யாகத் தொடங்கிவிடும். "வங்கி ஒரு லட்சம் என்று மதிப்பிட்ட நகை" என்று எழுதினோம். வங்கி என்ற அந்த ஒரு சொல் மதிப்பீட்டாளர் கொடுத்தது.

விட்டுவிட்ட வாக்கியங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். கடனை முழுதும் அடைத்தபின் நகையை அன்றே, அதிகபட்சம் 7 வேலைநாள்களுக்குள் திருப்பித் தரவேண்டும். தாமதம் கடன் கொடுத்தவரால் நேர்ந்ததென்றால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு. இந்த விதியைச் சொல்ல "நகை தர லேட்டானா ஒரு நாளைக்கு 5,000 ரூபாய்!" என்று ஒரு துணைத்தலைப்பு தயாராக இருந்தது. படிப்பவர் நிச்சயம் நின்று படிப்பார். ஆனால் "யாரால் தாமதம்" என்பது அதில் அடங்கவில்லை, வேலைநாள் என்பதும் அடங்கவில்லை. வாரிசுரிமைத் தகராறில் கிடக்கும் நகைக்கு ஒருவர் நாள்கணக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடக்கூடாது. துணைத்தலைப்பு போயிற்று, விதி முழு வாக்கியமாக உள்ளே போயிற்று. "சேட்டுக் கடையைவிட வங்கியே நல்லது" என்ற வரியும் போயிற்று. அவசரத்துக்கு இரவு எட்டு மணிக்குத் திறந்திருப்பது எது என்பது வாசகருக்குத் தெரியும், அதைத் தீர்மானிப்பது எங்கள் வேலையன்று.

அதற்குப் பதிலாக, அடகுக்கடை பற்றி வேறொரு வாக்கியம் அவசியமாயிற்று. எங்கள் வாசகரில் பலர் போவது வங்கிக்கு அன்று, தெருமுனை அடகுக்கடைக்கு. இந்த ஆணை வங்கிகளுக்கும் ரிசர்வ் வங்கியின் கீழ்வரும் நகைக்கடன் நிறுவனங்களுக்கும் உரியது. தனியார் அடகுக்கடைகள் 1943-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடகுக்கடைக்காரர் சட்டத்தின்கீழ் மாநில அரசிடம் உரிமம் பெற்று நடப்பவை. 85-உம் அங்கே இல்லை, 5,000-உம் அங்கே இல்லை. இதைக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே வைத்தோம். யாருக்குப் பொருந்தாது என்பதைக் கடைசியில் சொல்லும் கட்டுரையை அங்கே வரை படிப்பவர் குறைவு.

ஏலப் பத்தியை எடுக்கவில்லை. ஓய்வுபெற்றவர் அதை நீட்டச் சொன்னார், ஏனென்றால் பயப்படவேண்டியவர் படிக்கவேண்டியது அதுதான். ஏலத்துக்கு முன் கடன்காரருக்குப் போதிய அறிவிப்புத் தரவேண்டும். ஏலத்தின் குறைந்தபட்ச விலை நகையின் அன்றைய மதிப்பில் 90 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. இரண்டு முறை ஏலம் போகாவிட்டால் மட்டும் 85 வரை இறங்கலாம். (இங்கேயும் ஒரு 85 வருகிறது. இரண்டையும் வாசகர் குழப்பிக்கொள்ளாதிருக்க, இதை வேறு பக்கத்தில் வைத்தோம்.) கடன் போக மிச்சத் தொகை இருந்தால் அது நகைக்காரருக்கு, 7 வேலைநாள்களுக்குள். "மிச்சம் வரும்னே பாதிப் பேருக்குத் தெரியாது. வீடு மாறினவங்க அட்ரஸக் குடுக்காம விட்டுடுவாங்க, நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போகும்" என்றார். முகவரி மாறினால் கிளையில் எழுதிக்கொடுங்கள் என்ற வரி அப்படி வந்தது. அந்தக் கட்டுரையில் வாசகருக்கு நாங்கள் சொன்ன ஒரே யோசனை அதுதான்; அதைச் செய்து எவரும் கெட்டுப்போக வழியில்லை என்று இருவரும் உறுதி சொன்னபின் சேர்த்தோம்.

தாள் தடைக்காலம் முடிந்த வாரத்தில் வெளிவந்தது. மேலே ஒரு வரி: 2025 ஜூன் 6 ஆணைப்படி எழுதப்பட்டது, 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லா நிறுவனங்களும் இதைக் கடைப்பிடிக்கத் தொடங்கவேண்டும், அதற்குமுன் உங்கள் வங்கி மாறிவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், மாறுவதற்கு முன் வைத்த நகைக்குப் பழைய விதியே. நான்கு பக்கத்தில் கவிதைக்கு இடமில்லாமல் போயிற்று. அதற்கு வந்த கண்டனக் கடிதம் ஒன்று எங்களிடம் பத்திரமாக இருக்கிறது.

மீன்கார அக்கா சங்கிலியை விற்கவில்லை, வங்கியில் வைத்தார். பில் கேட்டார்களாம், இல்லையென்றதும் உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டார்களாம். அவர் பெற்ற தொகையை எங்களிடம் சொன்னபோது அது எங்கள் கணக்கைவிடக் குறைவாக இருந்தது. கிளையின் வரம்பு அது, தவறொன்றுமில்லை. வங்கி கொடுத்த சீட்டில் மொத்த எடை, நிகர எடை, மாற்று மூன்றும் எழுதியிருக்கிறதா என்று மகளைவிட்டுப் பார்த்துக்கொண்டாராம்.

நவம்பர் இறுதியில் ரிசர்வ் வங்கி தன் பழைய சுற்றறிக்கைகளையெல்லாம் நிறுவன வகைவாரியாகத் தொகுத்து 244 தொகுப்பாணைகளாக வெளியிட்டது. மறுபதிப்புக் கேட்டு இரண்டு பேர் வந்திருந்த சமயம். எங்கள் மடித்த தாளின் வலப்பக்கத்துப் பத்தி எண்களை நம்பி அப்படியே மீண்டும் அச்சிட முடியாது என்றாயிற்று. இடப்பக்கத்து வாக்கியங்களை வைத்துக்கொண்டு, வலப்பக்கத்தை அழித்துவிட்டு, வங்கிக்கு ஒன்று, நகைக்கடன் நிறுவனத்துக்கு ஒன்று என்று இரண்டு பத்திகளாகக் கோடு போட்டு மறுபடி ஒவ்வொன்றாக ஒத்துப்பார்க்கத் தொடங்கினோம்.